பால்புதுமையருடன் பணியாற்றும் ஆலோசகர்களுக்கான நடைமுறை வழிகாட்டி: முதல் சந்திப்பின் மொழியும் இரகசியக் காப்பும்

இந்த வழிகாட்டி நமது ஆலோசனை மையத்தின் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், ஆலோசகர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. வரவேற்பு மேசையில் இருப்பவர்களும் இதைப் படித்திருக்க வேண்டும். தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், பாலீர்ப்பற்றோர் முதலிய பால்புதுமையர் நம்மிடம் வரும்போது, அவர்கள் முதலில் சந்திப்பது ஆலோசகரை அல்ல, ஒரு படிவத்தையும் தொலைபேசியில் பேசும் ஒரு குரலையும்தான். ஆகவே வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

அடிப்படை நிலைப்பாடு

தன்பாலீர்ப்பு நோயன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இல் அதைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவுசெய்தது. உலக சுகாதார அமைப்பு 1990-இல் அதே முடிவுக்கு வந்தது. ஈர்ப்பை மாற்றித் தருவதாகச் சொல்லும் எந்தச் சிகிச்சையையும் இம்மையத்தில் யாரும் வழங்கக்கூடாது. வந்தவரே கேட்டாலும், பெற்றோர் கட்டணம் செலுத்த முன்வந்தாலும் இதில் மாற்றமில்லை. அப்படிக் கேட்பவரிடம் மறுப்பை மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், மாற வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது, வீட்டில் என்ன நடக்கிறது, எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறார் என்பதைப் பேச இடம் கொடுங்கள். இவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் காணப்படுவதற்குக் காரணம் ஈர்ப்பு அல்ல; ஒதுக்கப்படுதலும், மறைத்து வாழ்வதும், எப்போது தெரிந்துவிடுமோ என்று ஓயாமல் எச்சரிக்கையாக இருப்பதும்தான். இதையே சிறுபான்மை மன அழுத்தம் என்கிறோம்.

முதல் படிவம்

பழைய படிவத்தில் ‘கணவர்/மனைவி பெயர்’ என்ற ஒரே வரி இருந்தது. இரு ஆண்டுகளாக ஒரு பெண்ணுடன் வாழும் பெண், அந்த வரியில் கோடிழுத்துவிட்டு உள்ளே வந்தால், நம்மிடம் சொல்லக்கூடாத ஒன்று தன் வாழ்வில் இருக்கிறது என்பதை நாமே அவருக்கு உணர்த்தி அனுப்பியதாகிறது. புதிய படிவத்தில் ‘உங்களுடன் வசிப்பவர்கள் யார்?’, ‘வாழ்க்கைத் துணை அல்லது நெருங்கிய உறவில் இருப்பவர் உண்டா?’ என்ற இரண்டு கேள்விகள் உள்ளன. பெயருக்கு முன் திரு, திருமதி, செல்வி எனத் தேர்வுசெய்யச் சொல்லும் கட்டம் நீக்கப்பட்டுள்ளது. ‘உங்களை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும்?’ என்பது சேர்க்கப்பட்டுள்ளது. ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய கேள்விகளில் ‘இப்போது சொல்ல விரும்பவில்லை’ என்பதும் ஒரு முழுமையான பதிலாகும். அதை நிரப்பச் சொல்லி வரவேற்பாளர் படிவத்தைத் திருப்பித் தரக்கூடாது.

இக்கேள்விகள் எல்லாரிடமும் கேட்கப்பட வேண்டும். தோற்றத்தையோ நடையையோ பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்பது விசாரணையாகிவிடும்.

அறையில் பேசும் மொழி

‘எப்போதிலிருந்து இந்தப் பழக்கம்?’ என்று கேட்ட ஒரு மூத்த ஆலோசகரைப் பயிற்சிக் காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். குரலில் கடுமை துளியும் இல்லை. ‘பழக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லே எதிரிலிருந்த இளைஞரின் வாயை அடைத்துவிட்டது. குறை, தவறான வழி, வயதுக் கோளாறு, கடந்துபோகும் கட்டம், சகவாச தோஷம் ஆகிய சொற்களும் அப்படிப்பட்டவையே. ‘உங்களுக்கு யார்மீது ஈர்ப்பு ஏற்படுகிறது என்பதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டு, அவர் எடுத்தாளும் சொல்லையே நீங்களும் பின்பற்றுங்கள். அவர் தனக்கு எந்தப் பெயரும் சூட்டிக்கொள்ளாவிட்டால் நீங்களும் சூட்ட வேண்டாம். ஈர்ப்பு, நடத்தை, அடையாளம் மூன்றும் எல்லாரிடமும் ஒன்றாகப் பொருந்தி வருவதில்லை; பெண்ணை மணந்திருக்கும் ஆண், ஆண்களுடன் உறவு உண்டு என்று சொல்லிவிட்டு, தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று கருதாமலும் இருக்கலாம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு: ‘அவர்’ என்ற சொல்லுக்கும் ‘வந்தார்’ என்ற வினைக்கும் பால் வேறுபாடு இல்லை. துணையைப் பற்றிக் கேட்கையில் ‘அவர் என்ன செய்கிறார்?’ என்று கேட்டாலே போதும். கணவரா, காதலியா என்பதை வந்தவர் விரும்பும்போது தானே சொல்வார். வசதி இருந்தும் நாம் தவறுவது ‘கல்யாணம் ஆயிற்றா? ஏன் இன்னும் ஆகவில்லை?’ என்ற இடத்தில்தான். அந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். நாக்குத் தவறிவிட்டால் ‘மன்னியுங்கள், அப்படிக் கேட்டிருக்கக்கூடாது’ என்று ஒருமுறை சொல்லித் தொடருங்கள். நீண்ட மன்னிப்பு, வந்தவர் நம்மைத் தேற்ற வேண்டிய நிலையை உண்டாக்கும்.

தூக்கமின்மைக்காக வந்தவரிடம் தூக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். எல்லாத் துயரத்தையும் ஈர்ப்பில் கொண்டுபோய்க் கட்டுவதும், ‘எனக்கு எல்லாரும் ஒன்றுதான்’ என்று அதைத் தொடாமலே கடப்பதும், இரண்டுமே அவரைக் கேளாமைதான்.

இரகசியக் காப்பு

இரகசியத்தின் எல்லைகளை, அவர் எதையும் வெளியிடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சொல்லவேண்டிய முறை ஏறக்குறைய இது: ‘நீங்கள் இங்கே பேசுவதை உங்கள் அனுமதியின்றி வீட்டாரிடமோ பணியிடத்திலோ சொல்ல மாட்டேன். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தாலும், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தாலும், சட்டம் கட்டாயப்படுத்தினாலும் மட்டும் தேவையான அளவு சொல்ல நேரிடும். அப்போதும் முடிந்தவரை உங்களிடம் முதலில் சொல்வேன்.’ ஒருவருடைய ஈர்ப்பு இந்த விதிவிலக்குகள் எதிலும் வராது.

‘தேவையான அளவு’ என்பதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. தற்கொலை எண்ணத்துடன் இருக்கும் பத்தொன்பது வயது இளைஞரின் தாயை அழைக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் இன்றிரவு தனியே இருக்கக்கூடாது, மாத்திரைகளை அப்புறப்படுத்த வேண்டும், நாளை காலை அழைத்து வர வேண்டும் என்பவை தாய்க்குத் தெரிந்தாக வேண்டும். அவன் யாரை நேசித்தான் என்பது தெரிய வேண்டியதில்லை. ‘ஏன் இப்படி ஆனான்?’ என்று அவர் அழுதுகொண்டே கேட்டாலும், ‘அதை அவரே உங்களிடம் சொல்லும் நேரம் வரும், இன்றைக்கு அவர் பாதுகாப்பாக இருப்பதைப் பார்த்துக்கொள்வோம்’ என்பதோடு நிறுத்துங்கள். ஈர்ப்பு தெரிந்ததால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவோரும் அடிக்கப்படுவோரும் உண்டு; காப்பாற்றச் செய்த அழைப்பே ஆபத்தைக் கூட்டிவிடக்கூடாது.

வந்தவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரென்றால், பெற்றோர் என்னென்ன அறியலாம் என்பது அந்தந்த இடத்துச் சட்டத்தைப் பொறுத்தது. முதல் சந்திப்பிலேயே பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து, எதைப் பகிர்வோம், எதைப் பகிரமாட்டோம் என்று பேசி முடித்துவிடுங்கள்.

தொடர்பு கொள்ளும் வழியை எழுதி வாங்குங்கள். முன்பு நான் பணியாற்றிய ஓர் இடத்தில், சந்திப்பை நினைவூட்ட வீட்டு எண்ணுக்கு அழைத்தவர், எடுத்தது யார் என்று கேட்காமலே ஆலோசகரின் பெயரையும் குழு அமர்வின் பெயரையும் சொல்லிவிட்டார்; அந்தக் குழுவின் பெயரிலேயே எல்லாம் இருந்தது. ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தவரை நாங்கள் மீண்டும் பார்க்கவில்லை. இங்கே நினைவூட்டல் செய்தியில் நாளும் நேரமும் மட்டுமே இருக்கும். வேறு யாரேனும் எடுத்தால், பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட வேண்டும். காப்பீட்டுக் கோரிக்கையின் விவரம் குடும்பத்தலைவரின் முகவரிக்குப் போகக்கூடும் என்பதை, வந்தவர் கையெழுத்திடுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் ஈர்ப்பை எழுதுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: சிகிச்சைக்கு அது தேவையா, அக்கோப்பை வேறு யார் திறக்க முடியும். தேவையென்றால் வந்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். வேறு மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது அதை வந்தவருக்கு வாசித்துக்காட்டி, அவர் வேண்டாம் என்ற வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். மேற்பார்வைக் கூட்டங்களில் பெயர், ஊர், தொழில் மூன்றையும் மாற்றிப் பேசுவது போதாது. சிறிய வட்டங்களில் துணையின் தொழிலைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

பழைய படிவத்தின் பிரதிகள் வரவேற்பு மேசையின் இழுப்பறையில் இன்னும் கிடக்கின்றன. வரும் திங்கட்கிழமைக்குள் அவற்றை அகற்றிவிட்டு, புதியதை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.