மக்கள் ஏன் மதம் மாறுகிறார்கள்?
பி.ஏ. சமூகவியல், மூன்றாம் ஆண்டு: பாடக்குறிப்பும் பணித்தாளும்

வயிற்றுவலியில் துடித்த ஒருவரிடமிருந்து தொடங்குவோம். மருள்நீக்கியார் என்ற இளைஞர் சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலைக்கு உயர்ந்தார். அப்புறம் சூலை நோய் வந்தது. மடத்தில் இருந்தவர்களால் அதைத் தீர்க்க முடியவில்லை. திருவதிகையில் சிவத்தொண்டு செய்துவந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். பிறகு இரவோடு இரவாக அவரிடமே போய்ச் சேர்ந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். தம்பி ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று பாடினார். இவர்தான் நமக்குத் தெரிந்த திருநாவுக்கரசர், அப்பர்.

பக்தியோடு படிப்பவர்களுக்கு இது இறைவன் ஆட்கொண்ட கதை. அந்த நம்பிக்கையை நாம் தொட வேண்டியதில்லை. சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே ஒரு நெருக்கடி இருக்கிறது, கைவிட்ட ஒரு குழு இருக்கிறது, அறுந்துபோகாத ஓர் உறவும் இருக்கிறது. அந்த அக்கா இல்லாவிட்டால் அவர் எங்கே போயிருப்பார்?

இதே கேள்விக்கு 1965-இல் ஜான் லோஃப்லேண்டும் ராட்னி ஸ்டார்க்கும் வேறொரு இடத்திலிருந்து விடை சொன்னார்கள். கொரியாவில் தோன்றி அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்த ஒரு சின்ன மதக்குழுவை அவர்கள் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். அந்தக் குழு ஊரைக் கூட்டிப் பேசியபோது ஆள் சேரவில்லை. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் நண்பர்கள், அந்த நண்பர்களின் நண்பர்கள். வாழ்க்கையில் ஒரு நெருக்கடி, குழுவுக்குள் ஒரு பாசப்பிணைப்பு, வெளியே இருந்த உறவுகளின் பலவீனம் ஆகியவை சேர்ந்த இடத்தில்தான் மாற்றம் நடந்தது. கொள்கை முழுதாகப் புரிந்தது பலருக்கு அதற்குப் பிறகுதான்.

1993-இல் லூயிஸ் ராம்போ இதை விரிவாக்கினார். சூழல், நெருக்கடி, தேடல், சந்திப்பு, உறவாடல், உறுதியேற்பு, விளைவு என்று ஏழு கட்டங்களைச் சொன்னார். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றுக்கொன்று முன்னும் பின்னுமாக வரும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இப்போது வேறொரு சிக்கல். மாறியவரிடமே காரணம் கேட்டால் என்ன சொல்வார்? சபைகளில் சாட்சி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ‘இருளில் கிடந்தேன், வெளிச்சத்துக்கு வந்தேன்’ என்ற அமைப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. தன் கடந்த காலத்தை எப்படிச் சொல்வது என்பதையும் அவர் புதிய குழுவிடம்தான் கற்றுக்கொள்கிறார். அப்பர் கதையும் அப்படித்தான். அவர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. நாம் படிப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது. சமணர்கள் இதே கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. மாறியவரின் சொல்லை மதிக்க வேண்டும். ஆனால் அது எப்போது, யார் முன்னால் சொல்லப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது ‘ஏன் மாறுகிறார்கள்?’ என்று வகுப்பில் கேட்பேன். முதலில் வரும் பதில் ‘பணத்துக்காக’. பொருள் உதவிக்கு மாற்றத்தில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பாதுகாப்பு எல்லாமே வரலாற்றில் காரணங்களாக இருந்திருக்கின்றன. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு கிடைக்கும் என்றுதான் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். சவேரியார் அங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். ஆனால் அந்த ஒற்றைப் பதிலோடு நிறுத்திக்கொள்பவர், ஏழைக்கு மனசாட்சியே இல்லை என்று தெரியாமலே சொல்லிவிடுகிறார். அது எனக்கு வலிக்கிறது. மாறியவர்கள் எதை இழந்தார்கள் என்ற கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பணித்தாள்

நான்கு பேர் ஒரு குழு. நேரம் 50 நிமிடம். ஒரு விஷயம் முக்கியம்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மதத்தையோ அவர் வீட்டுக் கதையையோ கேட்டு வற்புறுத்தக் கூடாது. அவரே சொன்னால் கேளுங்கள், வெளியே கொண்டுபோகாதீர்கள்.

நிகழ்வு 1: நாக்பூர், 1956

1935 அக்டோபர் 13 அன்று நாசிக் மாவட்டம் யேவலாவில், தான் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். வெவ்வேறு மதத் தலைவர்கள் அவரை அழைத்தார்கள். சீக்கியத்தை அவர் தீவிரமாகவே யோசித்தார். 21 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14, விஜயதசமி அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். வெள்ளை உடையில் திரண்டு வந்த பல லட்சம் பேருக்கு அவரே தீட்சை கொடுத்தார். 22 உறுதிமொழிகளும் எடுக்கப்பட்டன. டிசம்பர் 6 அன்று காலமானார். இந்தியாவில் பௌத்தர் எண்ணிக்கை 1951 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம், 1961-இல் சுமார் 32.5 லட்சம். மாறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மகர் சாதியினர். அதே மாநிலத்தில் தீண்டாமையை அனுபவித்த மாங், சாம்பார் சாதியினரில் பெரும்பாலோர் மாறவில்லை. பௌத்தர்களான தலித்துகளுக்கு மத்திய அரசின் பட்டியல் சாதி உரிமை 1990-இல்தான் கிடைத்தது.

1. கொடுமை எல்லோருக்கும் இருந்தும் ஒரு சாதியினர் மட்டும் பெருமளவில் மாறியதை லோஃப்லேண்ட்–ஸ்டார்க் கருத்தைக் கொண்டு விளக்குங்கள். அந்தக் கருத்து எந்த இடத்தில் போதாமல் போகிறது? (10 மதிப்பெண்)

2. இடையில் கழிந்த 21 ஆண்டுகள் ராம்போவின் எந்தெந்தக் கட்டங்களில் அடங்கும்? (5)

3. மாறினால் சலுகை போகும் என்ற நிலையிலும் மாறினார்கள். ‘ஆதாயத்துக்காக மாறினார்கள்’ என்ற வாதத்தை இந்தத் தகவலோடு வைத்துச் சோதியுங்கள். (5)

நிகழ்வு 2: மீனாட்சிபுரம், 1981

1981 பிப்ரவரி 19. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், தென்காசிக்கு அருகே உள்ள இந்தச் சிற்றூரில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே பரபரத்தது. வெளிநாட்டுப் பணம் என்று ஒரு தரப்பு சொன்னது. தலைமுறை தலைமுறையாகப் பட்ட அவமானம், காவல்துறைத் தொல்லை என்று மாறியவர்கள் சொன்னார்கள். ஊரில் எல்லோரும் மாறிவிடவில்லை.

4. பத்திரிகை, அரசியல் கட்சி, மாறியவர், மாறாத பக்கத்து வீட்டுக்காரர் என நான்கு பேரும் ஒரே காரணத்தைச் சொல்வார்களா? ஒவ்வொருவரிடமும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியை எழுதுங்கள். (10)

நிகழ்வு 3: தையல் மெஷின்காரப் பெண்

(வகுப்புக்காக நான் எழுதியது.)

வயது 34. சிவகங்கைப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் வேலை. கணவர் குடிப்பவர். மகனுக்கு டெங்கு வந்து அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். சொந்தபந்தம் போனில் விசாரித்ததோடு சரி. அடுத்த லைன் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் முறை வைத்து வந்து, தூக்குவாளியில் கஞ்சி கொடுத்து, இரவில் பையன் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் ஒரு பெந்தேகொஸ்தே ஜெபக்குழுவைச் சேர்ந்தவர்கள். பையன் தேறினான். நான்கு மாதம் கழித்து அவள் ஞாயிறு ஆராதனைக்குப் போகத் தொடங்கினாள். பொட்டு வைப்பதை நிறுத்த இன்னும் ஒரு வருடம் ஆனது. ஊர்த் திருவிழாவுக்கு வரிப்பணம் மட்டும் இப்போதும் அனுப்புகிறாள். ‘அம்மா இருக்கிற வரைக்கும்’ என்கிறாள்.

5. அவள் எந்த நாளில் மதம் மாறினாள்? ஒரு தேதியைச் சொல்லி வாதிடுங்கள். பிறகு அதே தேதியை மறுத்து வாதிடுங்கள். (10)

6. அந்த வரிப்பணத்தை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்? ‘அரைகுறையாக மாறியவள்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுதுங்கள். (5)

7. அவளுடைய அம்மா, ஜெபக்குழுப் பெண்களில் ஒருத்தி, கணவர். இந்த மூவரில் ஒருவர் வாயிலாக இதே கதையை ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். (15)

ஏழாவது கேள்வியை வீட்டில் எழுதி வியாழக்கிழமை கொண்டுவாருங்கள். கையெழுத்தில் இருக்கட்டும்.