‘அரைப் பேர்’ காதல் நாவல் கைப்பிரதி: முன்வாசிப்பு அறிக்கை

வாசித்த பிரதி: இரண்டாம் வரைவு, 24 அத்தியாயங்கள், 286 பக்கங்கள்.
வாசித்த முறை: முதல் தடவை குறிப்பெதுவும் எடுக்காமல் இரண்டு இரவுகளில், இரண்டாம் தடவை பென்சிலோடு மூன்று வாரங்களில்.

அன்புடையீர்,

உணர்வுத் தருணங்கள் மனதில் பதிகின்றனவா, புவனாவுக்கும் தயாளனுக்கும் இடையிலான ஈர்ப்பு நம்பும்படி இருக்கிறதா, கதை எங்கெல்லாம் முன்கூட்டியே ஊகிக்கக் கூடியதாகிறது என்ற மூன்று கேள்விகளை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். பதிலுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அம்மாவின் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் நின்று தராசின் முள்ளைப் பார்த்து வளர்ந்தவள். ஆகவே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடக்கும் காட்சிகளை நான் மற்ற வாசகரைவிடக் கூடுதலான பரிவோடு வாசித்திருக்கக்கூடும். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டே என் கருத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதன்மையான கருத்து இதுதான். இந்தக் காதலுக்கு உண்மையான தடை கொழுந்து நிறுக்கும் தராசு. நிறையைக் குறித்து, கழிவு வெட்டி, முழு நாள் சம்பளத்துக்கான முழுப் பேரா பாதிச் சம்பளத்துக்கான அரைப் பேரா என்று எழுதுகிற கணக்கப்பிள்ளை தயாளனின் கையும், அந்த எழுத்தை நம்பிச் சம்பளம் வாங்குகிற புவனாவின் கையும் எப்படி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்ற கேள்வியை முதல் பன்னிரண்டு அத்தியாயங்களில் மிக நேர்த்தியாக எழுப்பியிருக்கிறீர்கள். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அதைக் கீழே வைத்துவிட்டு, வேறு கதைகளிலிருந்து இரவல் வாங்கிய தடைகளை வரிசையாகக் கொண்டுவருகிறீர்கள். என் குறைகள் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

உணர்வுத் தருணங்கள்

மூன்றாம் அத்தியாயத்தில், ஈரக் கொழுந்துக்கென்று தயாளன் கூடுதலாக இரண்டு கிலோ வெட்டும்போது, “மழையையும் எங்க கணக்குலயாய்யா எழுதுறீங்க?” என்று புவனா கேட்கிறாள். அவளுடைய குணம் முழுவதும் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. அதற்கு முந்திய பக்கத்தில் அவளுடைய துணிவைப் பற்றி நீங்கள் எழுதியுள்ள நீண்ட விவரணையை இந்த வரி தேவையற்றதாக்கிவிடுவதால், அதைத் தயங்காமல் நீக்கலாம்.

கைப்பிரதியின் உச்சம் ஏழாம் அத்தியாயம். பதினாறரை கிலோவைப் பதினெட்டு என்று அவன் இரகசியமாக எழுதிவிட, அரைப் பேராக வேண்டிய நாள் முழுப் பேராகிறது. அதைக் கண்டுபிடித்த புவனா மறுநாள் மடுவத்தில் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, “எழுதுனத வெட்டுங்கய்யா. நான் பறிக்காதத எம்பேருல போடாதீங்க” என்கிறாள். காதல் நாவல்களில் நாயகன் செய்யும் உதவியை நாயகி கண்கலங்க ஏற்றுக்கொள்வதைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த மறுப்பிலேயே அவள் தன்னை அவனுக்குச் சமமாக நிறுத்திக்கொண்டது பெரிய நிறைவைத் தந்தது. அவன் பேனையால் அந்த எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்கும்போது முதல் வாசிப்பில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நடந்தேன். இக்காட்சியில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், அவள் அம்மா விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த சில்வர் டம்ளரில் வெறுந்தேத்தண்ணி கொடுப்பதும், குடித்து முடித்த தயாளன் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பதும் அடுத்த நல்ல இடம். உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் குடியிருப்பவர் லயத்துக் காம்பராவுக்குள் உட்கார்வதா நிற்பதா என்ற சங்கடத்தை அந்த டம்ளர் மௌனமாகச் சொல்கிறது. அதற்குப் பிறகு அவனுடைய மனக்குழப்பத்தை அரைப்பக்கம் விளக்க வேண்டிய அவசியமில்லை.

பிற்பாதியில் இந்த அடக்கம் குலைகிறது. 13 முதல் 24 வரையான அத்தியாயங்களில் யாராவது அழுவது 41 இடங்களில் வருகிறது, உண்மையில் எண்ணினேன். அத்தனை முறை அழுதபின், பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அப்பா தன் கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துச் சுவரில் மாட்டிவிட்டு இனி வேலைக்குப் போவதில்லை என்று சொல்லும் அருமையான இடத்தில் வாசகருக்குக் கண்ணீர் மிச்சமிருப்பதில்லை. அந்தக் காட்சியில் ஒருவரும் அழாமலிருந்தால் போதும்.

ஈர்ப்பு

‘கெமிஸ்ட்ரி’ என்று நீங்கள் கேட்டது முதற்பாதியில் தாராளமாக இருக்கிறது. அது தொடுகையில் இல்லாமல் வேலையில் இருப்பதே அதன் பலம். அவள் விரல்நுனிக் கறை, அவன் காதில் செருகிய பேனை, படங்குச் சாக்கின் ஈரவாடை எல்லாம் சேர்ந்து ஒருவரையொருவர் கவனிக்கும் இரண்டு மனிதரை உருவாக்குகின்றன. இதற்கு மாறாக, நாயகனின் உயரத்தையும் கோதுமை நிறத்தையும் புன்னகையையும் வருணிக்கும் இடங்கள் எந்தக் கதையிலும் பொருந்தக்கூடியவை. அவற்றை எடுத்துவிட்டால் தயாளனுக்கு எந்த நட்டமும் வராது.

ஆனால் ஒரு பெரிய தவறல் இருக்கிறது. பத்தாம் அத்தியாயத்தின் இறுதிவரை புவனா அவனை ‘ஐயா’ என்றும் ‘நீங்க’ என்றும் அழைக்கிறாள். பதினொன்றாம் அத்தியாயம் திறக்கும்போது அவள் வாயில் ‘தயா’ என்று வருகிறது. ஒரு தோட்டத்துப் பெண் கணக்கப்பிள்ளை ஐயாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எடுத்துவைக்கும் அடி, இந்த நாவலில் வரும் முதல் முத்தத்தைக் காட்டிலும் பெரியது. அது அத்தியாய இடைவெளியில், நமக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிடுகிறது. அவள் முதல்முறை ‘ஐயா’வை விழுங்கிக்கொண்டு எதுவும் அழைக்காமல் பேசும் ஒரு கட்டம் நிச்சயமாக இருந்திருக்கும். பிறகு, பிறர் முன்னால் ‘ஐயா’வும் தனிமையில் பெயருமாக இரண்டு நாக்குகளோடு அவள் வாழ்ந்திருப்பாள். இதற்கென ஒரு முழு அத்தியாயத்தையே கொடுத்தாலும் வாசகர் சலிப்படையமாட்டார்கள். அவன் அவளைப் ‘புள்ள’ என்பதிலிருந்து ‘புவனா’ என்பதற்கு மாறும் இடத்தையும் அதனோடு சேர்த்துப் பாருங்கள்.

தயாளனின் மனம் பதினொரு அத்தியாயங்களாக மூடியே கிடக்கிறது. 52ஆம் பக்கத்தில், அவனுடைய தகப்பனும் கணக்கப்பிள்ளையாக இருந்ததாகவும், எண்களை அழகாக எழுதாவிட்டால் பிரம்பால் அடித்ததாகவும் ஒரு வரி வருகிறது. அந்த வரியில் ஒரு மனிதன் ஒளிந்திருக்கிறான். எண்ணைத் திருத்தி எழுத அவனுக்கு ஏன் அத்தனை எளிதாகக் கைவந்தது, அடித்துவிட்டுக் கையெழுத்து வைக்க ஏன் கை நடுங்கியது என்பதெல்லாம் அங்கிருந்து வரலாம்.

எளிதில் ஊகித்துவிடக்கூடியவை

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மலையில் மற்றப் பெண்கள் புவனாவின் கூடையைக் ‘கணக்கப்புள்ள கொழுந்து’ என்று கேலி செய்கிறார்கள். அவள் நேர்மையாகப் பறித்த இருபது கிலோவைக்கூட இனி யாரும் நம்பமாட்டார்கள். கதை உண்மையில் சூடேறும் இடம் இதுதான். அடுத்த அத்தியாயத்தை ஆவலோடு திருப்பினால், சில நாட்கள் கழிந்துவிட்டன என்ற வாக்கியமும், அதற்கடுத்து வெள்ளவத்தைக் கடையொன்றில் வேலைசெய்யும் முறைமாப்பிள்ளையும் வந்து நிற்கிறார்கள். அவன் குடிப்பான், பொய் சொல்வான், கடைசியில் விலகிக்கொள்வான் என்பது அவன் பையைக் கீழே வைக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்தாம் அத்தியாயத்தில் பாதி மட்டும் காதில் விழுந்த தொலைபேசிப் பேச்சால் வரும் பிரிவும் அப்படியே. ஏழாம் அத்தியாயத்துப் புவனா மறுநாளே நேரில் போய்க் கேட்டிருப்பாள். வாய்பாடுகளை வாசகர் மன்னிப்பார்கள், சில சமயம் விரும்பவும் செய்வார்கள். ஆனால் அதற்காக ஒரு பாத்திரம் தன் குணத்தை விட்டுக்கொடுத்தால் மன்னிக்கமாட்டார்கள்.

பதினெட்டாம் அத்தியாயத்தில், மாசியில் நடக்கும் காமன் கூத்து இரவில் கொட்டும் மழையில் நனைந்தபடி தயாளன் மனம் திறக்கிறான். மழையில் காதலைச் சொல்வது பழகிப்போனது என்பதோடு, தலவாக்கலைப் பக்கத்தில் மாசி மாதம் வறட்சியும் பனியும் நிறைந்த காலம். கொழுந்து குறைந்து பலருக்கு அரைப் பேர் விழுகிற காலமும் அதுவே. உங்கள் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் கிடைக்காது. ரதியாக வேடமிட்ட ஆண் அழ, மதன் எரிய, தப்புச் சத்தத்துக்கு நடுவே குளிரில் ஒரே கம்பளியைப் பகிர முடியாமல் இருவரும் தள்ளித் தள்ளி நிற்பதாக எழுதிப் பாருங்கள்.

இருபத்தோராம் அத்தியாயத்தின் மண்சரிவு பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகத்து வாசகர் எவரும் மறக்கவில்லை. பிரிந்த காதலர் இருவரை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பதற்காக ஒரு மண்சரிவை வரவழைத்து, அடுத்த அத்தியாயத்திலேயே அதை மறந்துவிடுவது என்னை வருத்தியது. மண்சரிவு வேண்டுமென்றால் அதற்குப் பிந்திய வாழ்க்கையையும் எழுதுங்கள். அது வேறொரு நாவலாகிவிடும் என்று தோன்றினால் இதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசி அத்தியாயத்து ரயில் நிலைய ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகக் கதை மடுவத்துக்கே திரும்பி, புவனாவின் கூடையை வேறொருவர் முன்னிலையில் நிறுக்கும்படி தயாளனே கேட்டுக்கொள்வதாக அமைந்தால், முதல் அத்தியாயத்தில் நீங்கள் தொடங்கிய வழக்குக்குத் தீர்ப்பு கிடைக்கும். இது என் ஊகம் மட்டுமே. முடிவை நீங்கள்தான் கண்டடைய வேண்டும்.

சில திருத்தங்கள்

கதை 2019இல் நடக்கிறது, ஆனால் 88ஆம் பக்கத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வருகிறது. அந்தத் தொகை 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. பதினேழாம் அத்தியாயத்தில் தலவாக்கலையிலிருந்து கொழும்புக்குப் போகும் புவனா ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கிறாள். அது எல்ல, தெமோதரை ரயில் நிலையங்களுக்கு இடையில், பதுளைப் பக்கம் இருக்கிறது. அவள் கடப்பது கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலான சிங்கமலைச் சுரங்கம். அந்த இருட்டில் தன் கண்ணாடி நிழலை அவள் பார்ப்பது, சுற்றுலா அட்டையில் வரும் பாலத்தைவிட உங்களுக்குப் பயன்படும். 143ஆம் பக்கத்தில் அம்மா சாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். அதன்பின் அந்தப் பேச்சே இல்லை. சொல்லாமல் விடுவது உங்கள் தெரிவானால், அந்த வார்த்தையும் அங்கே வேண்டாம்.

பென்சில் குறிப்புகளோடு பிரதியைப் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறேன். முழு வரைவையும் திருத்திவிட்டுத்தான் காட்ட வேண்டுமென்றில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தையும், ‘ஐயா’ போய்ப் பெயர் வரும் அந்தப் புதிய அத்தியாயத்தையும் முதலில் எழுதி அனுப்பினால், ஏனையவற்றில் எவை தானாகவே உதிர்ந்துவிடும் என்று சேர்ந்து பார்க்கலாம். பங்குனி பள்ளி விடுமுறையில் எனக்கு நேரம் இருக்கும்.