வருக மகேஸ்வரி: மார்ச் 16-க்கு முன் செய்ய வேண்டியவை

வணக்கம் மகேஸ்வரி,

நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய ஆஃபர் லெட்டர் இன்று காலை வந்து சேர்ந்தது. மிகவும் மகிழ்ச்சி. இன்டர்வியூவில் நீங்கள் அந்த ஷாஃப்ட் ரிஜெக்‌ஷன் பிரச்சினையை விளக்கிய விதத்தைப் பற்றி நம் குவாலிட்டி ஹெட் இரண்டு முறை என்னிடம் சொல்லிவிட்டார். உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

நீங்கள் சேரும் நாள் 2026 மார்ச் 16, திங்கட்கிழமை. அதற்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. இடையில் என்னென்ன நடக்கும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளமான மெயில்தான், இருந்தாலும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

முதலில் ராஜினாமா. நம் நிறுவனமும் கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் இந்த மெயிலோடு இணைத்திருக்கிறது. அதைத் திறந்து சம்பளம், பதவி, சேரும் தேதி மூன்றும் நாம் பேசியபடி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ராஜினாமா கொடுங்கள். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை, ஜனவரி 5 அன்று மெயிலில் கொடுத்தால் உங்கள் அறுபது நாள் நோட்டீஸ் மார்ச் முதல் வாரத்தில் முடியும். மேனேஜரிடம் நேரில் சொல்வது மரியாதை, அதை முதலில் செய்யுங்கள். ஆனால் அன்றைக்கே மெயிலும் போய்விட வேண்டும். வாயால் சொன்ன தேதியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கடைசி வேலை நாள் எது என்று அவர்கள் பதில் மெயிலில் எழுதித் தந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள்.

ராஜினாமா கொடுத்த பிறகு உங்கள் நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லலாம். நல்ல ஆளை யாரும் சும்மா விடமாட்டார்கள். அப்படி வந்தால் தனியாகக் குழம்ப வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பக்கமும் வைத்துப் பேசிப் பார்ப்போம். நீங்கள் அங்கேயே இருக்க முடிவு செய்தாலும் ஜனவரியிலேயே தெரிந்தால் எங்களால் வேறு ஏற்பாடு செய்ய முடியும். மார்ச் 15 இரவு தெரிந்தால் ஒரு அசெம்பிளி லைன் முழுக்கத் தடுமாறும்.

இருக்கும் இரண்டு மாதமும் அங்கே முழு மனதோடு வேலை பாருங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள கேஜ்கள், காலிபரேஷன் ரெக்கார்டுகள், சப்ளையர் புகார்கள் எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தை வாங்குங்கள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு மூன்றும் கைக்கு வராமல் ஓசூரை விட்டுக் கிளம்பாதீர்கள். செட்டில்மென்ட் பணம் எப்போது வரும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஆவணங்கள். பொங்கலுக்குப் பாலக்கோடு போவதாகச் சொன்னீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், டிகிரி சான்றிதழ் எல்லாம் வீட்டில் இருப்பதாகவும் சொன்னீர்கள். வரும்போது அவற்றைக் கையோடு எடுத்து வந்து, ஸ்கேன் செய்து, ஜனவரி 24-க்குள் அனுப்புங்கள். அசலை முதல் நாள் காட்டினால் போதும், பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே கிடையாது, பாண்டும் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய பிரதிகளில் உங்கள் பெயரைப் பார்த்தேன். ஆதாரில் Maheswari M, பான் கார்டில் Maheshwari Murugan. பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுதுவது வழக்கம், அதில் பிரச்சினை இல்லை. நடுவில் கூடுதலாக ஒரு h நுழைந்திருப்பதுதான் சிக்கல். ஒரே ஓர் எழுத்து என்று தோன்றும். ஆனால் பி.எஃப்., வருமான வரி, வங்கி எல்லாம் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்ப்பவை. அது எழுத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வருவதாலும், ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங் எழுதுவதாலும், புதிதாகச் சேரும் பலருக்கு இதே தொல்லை வருகிறது.

எதைத் திருத்துவது என்பதில் அவசரப்படாதீர்கள். உங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் Maheswari என்றே இருந்தால் பான் கார்டைத் திருத்துங்கள், ஆதாரைத் தொடாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம். பான் திருத்தத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், எண் மாறாது. பொங்கல் முடிந்து வந்ததும் விண்ணப்பித்துவிட்டால் மார்ச்சுக்குள் நிம்மதியாக இருக்கலாம். மார்க் ஷீட்டில் வேறு மாதிரி இருந்தால் எதையும் செய்யாமல் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.

பி.எஃப். பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் 12 இலக்க UAN எண் அப்படியே தொடரும், புதிதாக எடுக்கக் கூடாது. வேலை மாறும்போது பழைய பணத்தை எடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். ஐந்து ஆண்டு தொடர் சேவை முடியும் முன் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று இருக்கிறது. மாத பென்ஷன் கிடைக்க மொத்தம் பத்து ஆண்டு சேவை வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஓசூரில் உழைத்த மூன்று ஆண்டும் அந்தக் கணக்கிலிருந்து போய்விடும். பணத்தை இங்குள்ள கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், அந்த வேலையை நாமே உட்கார்ந்து செய்து தருவோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பி.எஃப். தளத்தில் பதிவு செய்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வருமான வரிக்காக, ஏப்ரல் முதல் மார்ச் வரை அங்கே வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் எங்களுக்குத் தெரிய வேண்டும். கடைசி சம்பளச் சீட்டே போதும். இங்கே மார்ச்சில் பாதி மாதச் சம்பளம்தான் வரும் என்பதால் பெரிய கணக்கு இருக்காது.

ஜனவரி 24-க்குப் பிறகு ஒரு வெளி ஏஜென்சி உங்கள் படிப்பு, முகவரி, வேலை விவரங்களைச் சரிபார்க்கும். வீட்டுக்கு ஒருவர் நேரில் வரலாம். அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தெரியாத ஆள் வந்து விசாரித்தால் பயந்துவிடுவார்கள். இப்போது நீங்கள் வேலை பார்க்கும் இடத்தை, நீங்கள் விலகும் வரை அவர்கள் தொடர்புகொள்ள மாட்டார்கள். அதை நான் எழுத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த எந்தக் கட்டத்திலும் நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டோம். சரிபார்ப்புக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று நம் பெயரைச் சொல்லி யாராவது பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் போனை வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு பிப்ரவரி 14, சனிக்கிழமை கோவை வர முடியுமா? ரத்தம், கண் பார்வை, நிறம் பிரித்தறிதல், காது கேட்கும் திறன், மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். டெஸ்ட் பெட்டில் மோட்டார் சத்தம் அதிகம் என்பதால் காது பரிசோதனையைக் கண்டிப்பாகச் செய்கிறோம். வெறும் வயிற்றில் வர வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். செலவு முழுக்க நம்முடையது, ரயில் டிக்கெட்டும் சேர்த்து. எக்ஸ்ரே வேண்டாம் என்பதற்குக் காரணம் ஏதும் இருந்தால் டாக்டரிடம் சொன்னால் போதும், எங்களிடம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ரிப்போர்ட் எங்கள் கைக்கு வராது, வேலைக்குத் தகுதி என்ற ஒற்றை வரிச் சான்று மட்டும்தான் வரும்.

அதே நாளில் மதியத்துக்கு மேல் ஹாஸ்டலும் பார்த்துவிடலாம். தொழிற்சாலை அரசூரில். நம் கம்பெனி பஸ் காந்திபுரத்தில் கிளம்பி லட்சுமி மில்ஸ், பீளமேடு, ஹோப்ஸ், சின்னியம்பாளையம் வழியாக வருகிறது. அவிநாசி ரோட்டில் போன அக்டோபரில் புது மேம்பாலம் திறந்துவிட்டார்கள், ஆனால் நம் பஸ் ஆட்களை ஏற்ற வேண்டும் என்பதால் கீழ்ச்சாலையில்தான் வரும். அதனால் ஹோப்ஸ் பக்கம் அல்லது சின்னியம்பாளையத்தில் தங்குவது வசதி. காந்திபுரத்தில் தங்கினால் தினமும் காலையில் கூடுதல் நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். எந்த ஹாஸ்டலாக இருந்தாலும் பதிவு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள் விடுதிகளுக்கு அது தமிழ்நாட்டில் 2014 சட்டப்படி கட்டாயம். நம் அசெம்பிளி பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஹோப்ஸ் பக்கம்தான் தங்கியிருக்கிறார்கள். உங்களோடு வந்து இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சாப்பாட்டை ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் ஷூ அளவையும் யூனிஃபார்ம் அளவையும் பிப்ரவரி முடிவதற்குள் அனுப்புங்கள். பெண்களுக்கான சேஃப்டி ஷூ கடையில் எப்போதும் இருப்பதில்லை, ஆர்டர் செய்தால்தான் வரும். பொருந்தாத ஷூவைப் போட்டுக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க நிற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வாகன உதிரிபாகத்திலிருந்து பம்புக்கு வருகிறீர்கள், என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். படித்துத்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முதல் மூன்று வாரம் பயிற்சிதான். விருப்பம் இருந்தால் IS 8034, IS 9283 இரண்டையும் பி.ஐ.எஸ். தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலாவது சப்மெர்சிபிள் பம்புக்கு, இரண்டாவது அதன் மோட்டாருக்கு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், சோதனை முறைகள் உள்ள பகுதியைப் பார்த்தால் போதும்.

முதல் நாள் 8.15-க்கு மெயின் கேட்டுக்கு வாருங்கள். உங்கள் பெயர் செக்யூரிட்டியிடம் இருக்கும், நான் டைம் ஆபீஸில் இருப்பேன். ஷாப் ஃப்ளோரில் துப்பட்டா, தொங்கும் நகை, வளையல் கூடாது, முடியைக் கட்டித் தொப்பிக்குள் விட வேண்டும். போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஆதார், பான், அசல் சான்றிதழ்கள், ரிலீவிங் லெட்டர், இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுத்து வாருங்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி நாமினேஷனுக்கு யார் பெயர் போடுவது என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள், அவர்களுடைய ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் தேவைப்படும். மதியச் சாப்பாடு கேன்டீனில், நம் டீமோடு.

ரிலீவிங் தள்ளிப்போனாலோ வீட்டில் ஏதாவது அவசரம் வந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள். சேரும் தேதியை ஒரு வாரம் நகர்த்துவது என் கையில் இருக்கிறது, முன்கூட்டித் தெரிந்தால் மட்டும். மெயிலை விட வாட்ஸ்அப் எனக்குச் சீக்கிரம் கண்ணில் படும். காலை 9 முதல் மாலை 6 வரை நேரடியாகவும் கூப்பிடலாம். திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்ததும் ஒரு வார்த்தை அனுப்புங்கள், ஆவணம் பதிவேற்றும் லிங்க்கை அதன் பிறகு அனுப்புகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
ரேவதி
மனிதவளப் பிரிவு
ஜனவரி 3, 2026