பன்னிரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு: வகுப்புத் தலைவியின் விடைபெறும் உரை

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கும், எங்கள் வகுப்பாசிரியர் ஐயா அவர்களுக்கும், பாட ஆசிரியர்கள் அனைவருக்கும், இந்த அறையில் என்னோடு இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு பேருக்கும் வணக்கம்.

வகுப்பாசிரியர் ஐயா எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். யாரையும் அழவைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் விதித்திருக்கிறார். சென்ற ஆண்டு அக்காக்களும் அண்ணன்களும் விடைபெற்ற நாளில், பேச வந்தவரே பாதியில் தொண்டை அடைத்து நின்றுவிட, மீதித் தாளை ஐயாதான் வாங்கி வாசித்து முடித்தார். இன்று அந்தச் சிரமம் அவருக்கு வராது. நம் வகுப்பை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புத்தான், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு ஆண்டுகளாக, ஆசிரியர் வராத பாடவேளைகளில் எல்லாம், இந்தக் கரும்பலகையின் வலது ஓரத்தில் ‘பேசுபவர்கள்’ என்று தலைப்பிட்டு உங்கள் பெயர்களை எழுதியவள் நான். பெயர் எழுதிய பிறகும் பேசினால் ஒரு பெருக்கல் குறி, அதற்கு மேலும் பேசினால் இன்னொன்று. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒருவருடைய பெயருக்கு எதிரே பதினொரு பெருக்கல் குறிகள் நின்றன. அவர் எழுந்து வந்து, தம்முடைய பெயரில் நான் ஒரு மெய்யெழுத்தை விட்டுவிட்டதாகச் சுட்டிக்காட்டி, அதைத் தம் கையாலேயே திருத்திவிட்டுப் போய் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். ‘பேசுபவர்க்கள்’ என்று நான் ஒருநாள் எழுதியதைப் பார்த்த தமிழாசிரியர் அம்மா, பட்டியலில் இருந்த ஒன்பது பேரையும் விட்டுவிட்டு, என்னை மட்டும் அந்தச் சொல்லை ஐம்பது முறை எழுதி வரச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் அதை மறக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டியல் எப்போதும் நியாயமாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். முன்வரிசையில் மெதுவாகப் பேசியவர்கள் தப்பித்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் தும்மினாலும் பெயர் ஏறியது. என் பக்கத்து இருக்கைத் தோழியின் பெயர் இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதில் வந்ததில்லை. அவள் பேசாதவள் அல்லள் என்பதற்கு இங்கே இருக்கும் நாற்பது பேரும் சாட்சி. ஆகவே இன்று, ஈடுகட்டும் முறையில், இந்த உரையில் யாருடைய பெயரையும் சொல்வதில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன். போதுமான அளவுக்கு எழுதியாயிற்று.

ஆனால் அந்த வேலையால் எனக்கு ஒரு லாபம் இருந்தது. நீங்கள் இரண்டு ஆண்டுகளும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். சாக்பீஸோடு முன்னால் நின்ற எனக்கு மட்டும் எல்லோருடைய முகமும் தெரிந்தது. அப்படிப் பார்த்ததில் சிலவற்றைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன், ஏனெனில் நீங்கள் அவற்றைப் பார்த்திருக்க வழியில்லை.

பதினொன்றாம் வகுப்பில் நமக்கு விலையில்லா மிதிவண்டி வந்த வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில், ஒரே அமைப்பில் நின்ற வண்டிகளில் தன்னுடையது எது என்று தெரியாமல், மாலை மணி அடித்த பிறகு அரை மணி நேரம் எல்லோரும் சாவியைப் பூட்டுக்குப் பூட்டு மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாளே அடையாளங்கள் வந்துவிட்டன. ஒருவர் கைப்பிடியில் மஞ்சள் கயிறு, ஒருவர் மட்கார்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும், ஒருவர் இருக்கைக்குப் பழைய மழைச்சட்டையில் தைத்த உறை. ஒருவர் மட்டும் எந்த அடையாளமும் வைக்கவில்லை. ‘எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகு மிச்சம் நிற்பது என்னுடையது’ என்று அவர் சொன்ன விளக்கத்தைக் கணித ஆசிரியர் ஐயா இன்றைக்கும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

மழைக்காலத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த தொல்லையையும் சொல்லியாக வேண்டும். நம் திருவாரூர் மாவட்டத்தில் கார்த்திகை மாதம் வானம் கறுத்தால் போதும், இரவு பத்து மணியிலிருந்து ‘நாளைக்கு லீவா?’ என்ற ஒரே கேள்வி என் அம்மாவின் கைப்பேசியில் வரிசையாக வந்து விழும். மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறையை நான் ஏதோ கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுப்பதைப் போல உங்களில் சிலர் என்னிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு. ஒருநாள் காலையில் தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் விடுமுறை வந்து நமக்கு வராமல் போனபோது, நனைந்துகொண்டே வந்து சேர்ந்த நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

மதிய உணவு வேளையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். பத்தாம் வகுப்புவரை நமக்குச் சத்துணவு இருந்தது, பதினொன்றிலிருந்து இல்லை. காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்து வருகிறவர்களில் சிலருக்கு வீட்டில் உலை கொதிப்பதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். முதல் வாரத்தில் அவர்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுவிட்டு மணி அடித்த பிறகு வந்தார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு டிபன் பாக்ஸின் மூடி வகுப்பைச் சுற்றத் தொடங்கியது. முதல் வரிசையில் காலியாகப் புறப்பட்ட மூடி, ஒரு கை புளிசாதம், ஒரு கரண்டி தயிர்சாதம், நான்கு துண்டு உருளைக்கிழங்கு, பாதி அவித்த முட்டை என்று நிறைந்துகொண்டே கடைசி வரிசைக்குப் போய் யார் முன்னால் நிற்க வேண்டுமோ அவர் முன்னால் நின்றது. யாரும் யாரையும் கேட்கவில்லை. வேண்டும் என்று சொல்லவும் யாருக்கும் நேரவில்லை. சில நாட்களில் அந்த மூடி என் முன்னாலும் நின்றிருக்கிறது. புளிசாதமும் தயிர்சாதமும் கலந்த அந்தச் சுவையை நான் வெளியில் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன் என்றாலும், நன்றாகவே இருந்தது.

வேதியியல் செய்முறை வகுப்பில் உங்கள் முகங்கள் வேறு மாதிரி இருக்கும். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஊற்றி, கீழே குடுவையைச் சுழற்றிக்கொண்டே, நிலைத்து நிற்கும் அந்த வெளிர் இளஞ்சிவப்புக்காகக் காத்திருக்கும்போதுதான் இந்த வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அமைதியாக இருந்து நான் பார்த்திருக்கிறேன். சில சொட்டுகள் கூடிப்போய்க் குடுவை அடர் இளஞ்சிவப்பானதும் ஆய்வகத்தின் எந்த மூலையிலிருந்து பெருமூச்சு வருகிறதோ, அங்கே அடுத்த மேசைக்காரர் தம் அளவீட்டுத் தாளைச் சற்றே திருப்பி வைப்பார். வேதியியல் ஆசிரியர் அம்மா இங்கேயே அமர்ந்திருப்பதால் இதற்கு மேல் நான் விவரிக்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி நான் இதுவரை பொதுவில் பேசாத ஒரு செய்தி. சென்ற நவம்பரில் குழுப் படம் எடுப்பதற்காக ஒருவருக்கு 60 ரூபாய் வீதம் 42 பேரிடமும் வசூலித்து, 2,520 ரூபாயை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். பேருந்தில் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தபோது 450 ரூபாய் குறைந்தது. பையைத் தலைகீழாகக் கொட்டினேன், பாடப்புத்தகங்களைப் பக்கம் பக்கமாக உதறினேன், கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவள் சத்தியத்தை எவ்வளவு நேரம் காப்பாற்றினாள் என்பது முதல் இடைவேளைக்குப் பிறகு தெரிந்தது. மதியம் கரும்பலகையில் எழுதுவதற்காகச் சாக்பீஸ் பெட்டியைத் திறந்தால், உள்ளே சாக்பீஸ் தூள் படிந்த பத்து ரூபாய்த் தாள்களும், ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களுமாகப் பணம் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். நாற்பத்தொரு பேரும் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஆசிரியர் இல்லாத பாடவேளையில் நீங்கள் படித்தது அந்த ஒருநாள்தான். பலருடைய புத்தகம் தலைகீழாக இருந்தது.

அன்று யாருடைய பெயரையும் நான் பலகையில் எழுதவில்லை. நன்றி சொன்னால் நீங்கள் கேலி செய்வீர்கள் என்று தெரிந்ததால் அப்போது சொல்லவுமில்லை. இப்போது சொல்கிறேன், மைக் என் கையில் இருக்கிறது: உங்கள் எல்லோருக்கும் நன்றி.

எங்கள் ஆசிரியர்களுக்கு எங்கள் சார்பில் ஒரு சொல். மாலை ஐந்தரை மணிவரை நடந்த சிறப்பு வகுப்புகளில் நாங்கள் வாங்கிய வடைகளின் வாசனைக்கிடையே பாடம் நடத்திய உங்கள் பொறுமைக்கும், எங்களில் தேறமாட்டார் என்று மற்றவர்கள் சொன்னவர்களைத் தனியே அழைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததற்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வகுப்புத் தலைவியாக எனது கடைசி அறிவிப்புகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நூலகப் புத்தகம் திருப்பித் தராதவர்கள் நான்கு பேர். யார் என்று உங்களுக்கே தெரியும், நாளை மதியத்திற்குள் கொடுத்துவிடுங்கள். பொதுத்தேர்வு நாட்களில் காலை பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். வாசிக்கப் பத்து நிமிடம், விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், பத்தேகாலுக்கு எழுதத் தொடங்க வேண்டும். ஆகவே, வழக்கம்போலப் பத்து மணிக்குச் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று கதை பேசிவிட்டு வரலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹால் டிக்கெட்டை முந்தைய நாள் இரவே பையில் வைத்துவிடுங்கள். ஆறரை மணிப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்த நாட்களிலும் மூடி உண்டு. உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

கடைசியாக, சாக்பீஸ் பெட்டியில் இருந்த பணத்தை அன்று நான் இரண்டு முறை எண்ணினேன். 460 ரூபாய் இருந்தது. என்னிடம் குறைந்தது 450தான். அந்த அதிகப்படியான பத்து ரூபாய் யாருடையது என்று மூன்று மாதமாக விசாரித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் அந்தத் தாளை அப்படியே வைத்திருந்து, இன்று நம் தேநீர் விருந்துக்குச் சமோசா வாங்கும்போது சேர்த்துக் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு ஒன்று என்ற கணக்குக்கு மேல் தட்டில் ஒரு சமோசா கூடுதலாக இருக்கிறது. அது யாருக்கு உரியதோ அவர் எழுந்து வந்து எடுத்துக்கொள்ளலாம். வேறு யாராவது எடுத்தால் பெயர் எழுதச் சாக்பீஸ் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

வணக்கம்.