எட்டாம் நம்பர் ஷூ

ராத்திரி பெய்த மழையில் பாலக்கோட்டுப் பள்ளி மைதானம் செஞ்சேறாகக் கிடந்தது. சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்திருந்தது. தூறல் இன்னும் விடவில்லை.

குமரனுக்குக் கால் 5ஆம் நம்பர். போட்டிருந்ததோ ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெரியப்பா மகனின் 8ஆம் நம்பர் ஷூ. முன்பக்கம் பழைய பேப்பரைத் திணித்து, லேஸைக் கணுக்காலில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டியிருந்தான்.

விசில் அடித்தது. 400 மீட்டர். முதல் வளைவு வரை அவன்தான் முன்னால். அப்புறம் பேப்பர் நனைந்து கூழாகி, கால் உள்ளேயே வழுக்கத் தொடங்கியது. அடுத்த வளைவில் இடது ஷூவைச் சேறு பிடித்துக்கொள்ள, கால் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. குப்புற விழுந்தான்.

"ஓடுடா, விட்டுட்டு ஓடு!" என்று கத்தினார்கள். எப்படி விடுவான்? அண்ணனுடைய ஷூ. திரும்பிப் போய்ப் பிடுங்கினான். இன்னொன்றையும் கழற்றி, இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி ஆளாக ஓடி முடித்தான்.

சாயங்காலம் குழாயடியில் தேய்த்துக் கழுவும்போதுதான் பார்த்தான், சோல் வாய் பிளந்திருந்தது. பின்னால் அண்ணன் வந்து நின்றான்.

"சோல் பிஞ்சிருச்சுண்ணா..."

"அது கெடக்குது. முட்டியக் காட்டு."