விலக்கில் வைக்கப்போகும் பஸ் நேரப் பலகை: முதல் வரைவு குறித்த என் மதிப்பாய்வு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைவைப் பெரிதாக அச்செடுத்து, தாள்களை ஒட்டி, அதே 4 அடிக்கு 3 அடி அளவில், தேனி ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் உள்ள டீக்கடைச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வைத்தேன். கணினித் திரையில் அழகாகத் தெரிகிற ஒன்று சுவரில் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கருத்துச் சொல்லக்கூடாது என்பது அச்சுக்கூடத்தில் முப்பது வருடம் எழுத்துக் கோத்ததில் நான் கற்றது. உழைப்பு தெரிகிறது. ஒவ்வொரு வண்டியையும் நீயே நின்று குறித்திருக்கிறாய். தகவலில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அதைப் பிறகு சொல்கிறேன். மாற்ற வேண்டியது அடுக்கியிருக்கும் விதம்.

உன் பலகை வண்டிகளைப் பட்டியல் போடுகிறது. தடம் எண், புறப்படும் இடம், வழி, சேரும் இடம், நேரம், குறிப்பு என்று ஆறு பத்தி. வரிசை தடம் எண்ணைப் பொறுத்தது. வண்டி விடுபவருக்கு இது சரியான வரிசை. நிற்பவருக்கு வேண்டியது வேறு: "மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேட உன் பலகையில் ஐந்து தடங்களையும் தனித்தனியாகப் பார்த்து, ஐந்து நேரங்களை மனதில் வைத்து, எது முந்தியது என்று ஒப்பிட வேண்டும். பூக்கூடையுடன் நின்ற ஓர் அக்காவைப் படிக்கச் சொன்னேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குத் தினமும் போகிறவர். எழுத்துக் கூட்டாமல் நன்றாகப் படிப்பார். மூன்றாவது வரியிலேயே திரும்பி, டீக்கடைக்காரரிடம் "அண்ணே, அடுத்த வண்டி எப்ப?" என்று கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கும்போது பலகையைவிட அவரைக் கேட்பது வேகமாக இருந்தால், பலகை தோற்றுவிட்டது என்றுதான் பொருள். டீக்கடை திறக்காத அதிகாலை 4.50 வண்டிக்கு அவர் யாரைக் கேட்பார்?

ஆகவே முதல் மாற்றம்: தடம் எண் வரிசையை விட்டுவிடு. போகும் திசை, பிறகு நேரம். அவ்வளவுதான் அடுக்கு.

திசை என்றதும் இன்னொன்று. நீ ஒரே பலகையில் இடப்பக்கம் மதுரை, வலப்பக்கம் உசிலம்பட்டி, தேனி என்று போட்டிருக்கிறாய். பலகை நிற்கப்போவது மதுரை போகிறவர்கள் நிற்கும் பக்கத்தில். செக்கானூரணி, உசிலம்பட்டி போகிறவர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். தேனி ரோட்டில் லாரியும் பஸ்ஸும் வரும் வேகம் உனக்குத் தெரியாததல்ல. நேரம் பார்க்க ஒரு கிழவி அந்த ரோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும் என்றால், அந்தப் பலகை இல்லாமலேயே இருக்கலாம். இரண்டு பலகைகள் வை. ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்து வண்டிகள் மட்டும். செலவு கூடும், ஆனால் பாதிச் செய்திதான் என்பதால் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கலாம்.

எழுத்தளவு பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் எண்களின் உயரம் அளந்தேன்: அரை அங்குலத்துக்குச் சற்று மேல். 10 அடி தூரத்தில் நிற்பவருக்கு ஓர் அங்குல எழுத்து வேண்டும் என்பது பலகைக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. பலகைக்கு முன்னால் கல்பெஞ்சு கிடக்கிறது. காலையில் அதற்கு முன்னும் கூட்டம் நிற்கும். 15 அடியிலிருந்து படிக்கிற மாதிரி ஒன்றரை அங்குலம் வை. இடம் போதுமா என்று கேட்பாய். பலகையை நிமிர்த்து: 3 அடி அகலம், 4 அடி உயரம். அதிகாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை மணிக்கு ஒரு வரி என்றால் 18 வரி. வரிக்கு 2 அங்குலம், ஆக 36 அங்குலம். தலைப்புக்கும் அடிக்குறிப்புக்கும் 12 அங்குலம் மிஞ்சும்.

இனி நேரம் எழுதும் முறை. இதில்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். உன் வரைவில் நான்கு விதம் கலந்து கிடக்கிறது: 6.5, 14.20, மாலை 5.30, 20:15. ஒவ்வொன்றும் வேறு இடத்திலிருந்து எடுத்த குறிப்பு என்று புரிகிறது. ஆனால் படிப்பவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புதுக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

6.5 என்பதை முதலில் அழி. நீ எழுதியது ஆறு மணி ஐந்து நிமிடம். டீக்கடையில் நின்ற பெரியவர் அதை "ஆறரை" என்று படித்தார். அவர் படித்ததில் தவறே இல்லை. 6.5 கிலோ என்றால் ஆறரைக் கிலோதானே? அந்தக் காலைப் பெரியார் வண்டியை ஆறரை என்று நம்பி வருகிறவர் வெறும் ரோட்டைத்தான் பார்ப்பார். நிமிடம் எப்போதும் இரண்டு இலக்கம்: 6.05. மணிக்கு முன்னால் சுழியம் வேண்டாம், 06.05 என்று நம் ஊரில் யாரும் எழுதுவதில்லை. நடுவில் புள்ளியே போதும், நம் செய்தித்தாள்கள் அப்படித்தான் அச்சிடுகின்றன. ஆனால் அந்தப் புள்ளி தடிமனாக இருக்கட்டும். மத்தியான வெயிலில் உன் புள்ளி காணாமல் போய், 6.40 எனக்கே 640 என்று தெரிந்தது.

24 மணி முறையை ரயிலுக்கு விட்டுவிடுவோம். டிக்கெட்டில் 17.40 என்று பார்த்துப் பழகியவர்கள் உண்டு. ஆனால் விலக்கில் நின்ற கல்லூரி மாணவிகூட 14.20ஐப் பார்த்து ஒரு கணம் நின்று, விரலால் பன்னிரண்டைக் கழித்துத்தான் சொன்னார். ஓடி வந்து பார்க்கிறவருக்கு அந்த ஒரு கணம் அதிகம்.

அப்படியானால் காலை 6.05ஐயும் மாலை 6.05ஐயும் எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு நேரத்துக்கும் முன்னால் காலை, மாலை என்று எழுதினால் கட்டம் முழுக்கச் சொற்கள் நிரம்பி எண் மூழ்கிவிடும். மாலை எப்போது முடிந்து இரவு எப்போது தொடங்குகிறது என்ற வழக்கும் கிளம்பும். 7 மணியைச் சாயங்காலம் என்பாரும் உண்டு, ராத்திரி என்பாரும் உண்டு. நமக்கு வேண்டியது ஒரே ஒரு பிரிவு, நண்பகல். பலகையின் குறுக்கே தடித்த ஒரு பட்டை போடு. மேலே "காலை", பட்டைக்குள் "பகல் 12 மணிக்கு மேல்". எந்த நேரமும் பட்டைக்கு மேலும் கீழும் குழம்பாது.

மணிக்கு ஒரு வரி என்றேன் அல்லவா, ஜப்பான் ரயில் நிலையங்களில் இதே அமைப்பு உண்டு: இடது ஓரத்தில் மணி, அதற்கு நேரே நிமிடங்கள் மட்டும். இடம் மிச்சம், பார்வைக்கும் இதம். எனக்கு அது மிகவும் பிடிக்கும் என்பதால் முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஆனால் பூக்கார அக்கா "6, 05, 40" என்ற வரியை மூன்று தனி எண்களாகப் படித்தார். பழக்கமில்லாததை அவசரத்தில் கற்றுக்கொள்ளச் சொல்ல முடியாது. ஆகவே வரி மணிக்கு ஒன்றாக இருக்கட்டும். நேரத்தை மட்டும் முழுதாக எழுது. மதுரைப் பலகையின் மேற்பகுதி இப்படி வரும்:

மதுரை போக
பெரியார், நகரப் பேருந்து │ ஆரப்பாளையம், புறநகர்ப் பேருந்து
காலை
4.50 │ —
5.20  5.50 │ 5.35
6.05  6.40 │ 6.15  6.55
7.10  7.30  7.50 │ 7.20  7.45

இரண்டு பத்தியாகப் பிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. "மதுரை" என்று மட்டும் போட்டால் போதாது. பெரியாரில் இறங்குவதும் ஆரப்பாளையத்தில் இறங்குவதும் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நீ அந்த வண்டிகளைக் காட்ட இளஞ்சிவப்பு நிறம் தீட்டியிருக்கிறாய். நல்ல எண்ணம். ஆனால் ஒரு கோடையைக் கடந்தால் அந்த இளஞ்சிவப்பு வெள்ளையாகிவிடும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்றே அது இல்லை. இடது பத்தி முழுதும் அந்த நகரப் பேருந்துகளே என்றாகிவிட்டால் நிறமே தேவையில்லை. கையில் காசில்லாத பெண் இடது பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

வண்டி இல்லாத மணியையும் வரியாகக் காட்டு. 11 மணிக்கு நகரப் பேருந்து இல்லை என்பது உன் வரைவில் எங்கும் தெரியவில்லை; இருப்பவற்றை மட்டும் வரிசையாக அடுக்கினால் இல்லாதது மறைந்துவிடும். அங்கே ஒரு கோடு இருந்தால், 10.50ஐ விட்டவர் காத்திருப்பதா, ஷேர் ஆட்டோ பிடிப்பதா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்வார்.

கட்டக் கோடுகளைப் பெரும்பாலும் எடுத்துவிடு. எல்லாப் பக்கமும் கறுப்புக் கோடு போட்டதில் தமிழ் எழுத்துதான் அடி வாங்குகிறது. "செக்கானூரணி"யில் ககர மெய்யின் புள்ளி மேல்கோட்டில் ஒட்டிப் போயிருக்கிறது, னூவின் சுழி கீழ்கோட்டைத் தொடுகிறது. இடம் போதாமல் அந்தச் சொல்லைப் பக்கவாட்டில் வேறு நசுக்கியிருக்கிறாய். ணகரம் கறுப்புக் கட்டியாகத் தெரிகிறது. ஆங்கில எழுத்தைப் போல் தமிழ் எழுத்தை நசுக்கக்கூடாது, சுழிகள் அடைத்துக்கொள்ளும். நடுவே ஒரு செங்குத்துக் கோடு, ஒன்று விட்டு ஒரு வரிக்கு மங்கிய சாம்பல் பின்னணி, போதும். எல்லா இலக்கங்களும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தெடு. உன்னுடையதில் 1 மெலிந்திருப்பதால் 7.10 இடம் தள்ளி நிற்கிறது.

நட்சத்திரக் குறிகள் வேண்டாம். "ஞாயிறு இல்லை" என்பதை நீ குறியிட்ட இரண்டு நேரங்களின் கீழேயே எழுது. பளபளக்கும் பரப்பும் வேண்டாம். நம் நிறுத்தம் மேற்கு பார்த்தது, நாலு மணிக்கு மேல் பலகை கண்ணாடியாகிவிடும்.

சந்தேகம் ஒன்று என்றேனே. உன் நேரங்கள் செக்கானூரணியில் புறப்படும் நேரமா, நம் விலக்குக்கு வரும் நேரமா? முதல் நான்கு வண்டிகளை நான் நின்று பார்த்தேன். மூன்று வண்டிகள் நீ எழுதியதைவிட ஏழெட்டு நிமிடம் கழித்தே வந்தன. இங்கு வரும் நேரத்தையே எழுதி, தலைப்பில் "இந்த நிறுத்தத்துக்கு வரும் நேரம்" என்று போடு. அடியில் எந்தத் தேதியில் சரிபார்த்தது என்பதும் இருக்கட்டும். நேரங்களைத் தனித்தனி ஒட்டிகளாகச் செய்தால், மாறும்போது ஒன்றை உரித்து ஒன்றை ஒட்டலாம்.

இரண்டாம் வரைவைச் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குள் முழு அளவில் எடுத்து வா. சுவரில் மாட்டி, பூக்கார அக்கா 5.20ஐப் பிடிப்பதற்குள் அவரிடமே முதலில் காட்டுவோம். டார்ச்சும் அளவு நாடாவும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்