கிரியேட்டின்: நம் ஜிம்மில் அதிகம் கேட்கப்படும் ஐந்து கேள்விகள்

எவ்வளவு எடுக்கணும்?
தினமும் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட். டப்பாவோடு வரும் ஸ்கூப்பின் அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். விலை கூடிய மற்ற வகைகள் இதைவிட மேல் என்பதற்கு ஆதாரமில்லை.

லோடிங் அவசியமா?
இல்லை. தினம் 20 கிராமை நான்கு வேளையாகப் பிரித்து 5–7 நாள் எடுத்தால் தசையில் கிரியேட்டின் சீக்கிரம் நிரம்பும்; இதுதான் லோடிங். தினம் 3–5 கிராம் எடுத்தாலும் மூன்று நான்கு வாரத்தில் அதே நிலைதான். ஒரே வேளையில் 10 கிராம் போட்டால் பலருக்கு வயிறு கலங்கும்.

எப்போது குடிப்பது?
எப்போது வேண்டுமானாலும். ஓய்வு நாளிலும் விடாதீர்கள். கலக்கியதை அன்றே குடித்துவிடுங்கள். நாள்கணக்கில் வைத்தால் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளாகச் சிதையும்.

எடை ஏறுகிறதே, கொழுப்பா?
தண்ணீர். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறலாம், அதுவும் பெரும்பாலும் தசைக்குள்.

கிட்னி கெடுமா?
ஆரோக்கியமானவர்களுக்கு, இந்த அளவில், கெடுதல் கண்டறியப்படவில்லை. குழப்பம் ரத்தப் பரிசோதனையில்தான்: கிரியேட்டின் உடைந்து கிரியேட்டினின் ஆவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் அந்த எண் சற்று உயரலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; கிரியேட்டினினைச் சாராமல் சிறுநீரகத்தை மதிப்பிடும் சிஸ்டாட்டின்-சி ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்க உதவும். சிறுநீரக நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.